நாற்பது போர்வை கூடுதல்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கடுதாசி என்றுதான் கூப்பிடுவோம். நான் கடுதாசியக்கா என்பேன், என்னைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால். என்னை அவள் மீட்டர் என்பாள். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று கிண்டல். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் செருப்பால் அடித்ததுபோல இருக்கிறது.

நாங்கள் பதினோரு பேர், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்தோம். வெள்ளத்தில் மூழ்கி நூறு வருஷம் பாழாய்க் கிடந்த ஒரு நகரம். ஆடுகிறவன் அதற்குள் இறங்கி, வீடு வீடாகப் புகுந்து, காட்டு நாய்களிடமும் கொள்ளைக்காரர்களிடமும் தப்பி, கடைசியில் அணைக்கட்டைப் போய்ச் சேர வேண்டும். நான் புரோகிராமர். வீடு, மேஜை, நாற்காலி, படிக்கட்டு எல்லாம் கட்டுகிறவனுக்குத் தச்சன் என்று பெயர். அந்த வீடுகளில் கிடக்கும் கடிதங்களையும் புத்தகங்களையும் எழுதுகிறவள் கடுதாசி.

அதற்கு முன்னால் அவள் பதினோரு வருஷம் தண்ணீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதிவு செய்கிற வேலையில் இருந்தவள். எழுத்தாளர் வேண்டும் என்று எங்கள் டைரக்டர் விளம்பரம் கொடுத்தபோது கவிதை எழுதுகிறவர்கள், நாவல் எழுதுகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். இவள் ஒரு பழைய பையில் தானே எழுதிய முப்பது பொய்ப் புகார்களைக் கொண்டுவந்தாள். நான்காவதைப் படிக்கும்போதே டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அன்றைக்கே வேலை.

முதல் மாதம் அவருக்கும் இவளுக்கும் பெரிய சண்டை. நகரத்தின் வரலாற்றை டைரக்டர் தானே ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தார். 'முதலாம் யுகத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில்' என்று ஆரம்பிக்கும். அதை அரண்மனை நூலகத்தில் ஒரு தடிப் புத்தகமாக வைத்துவிடலாம் என்றார்.

"சார், கோச்சுக்காதீங்க. இது யார் கையிலேருந்து யார் கைக்குப் போற கடுதாசி?" என்று கேட்டாள்.

"கடுதாசி இல்லம்மா, வரலாறு."

"வரலாறுன்னு யாரும் உக்காந்து எழுத மாட்டாங்க சார். குறைதான் எழுதுவாங்க. பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடைய அடைச்சிட்டான், மூணு நாளா தண்ணி வரல, போன வாரம் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தரல. அதைப் பத்து படிச்சா அந்தத் தெருவுல என்ன நடந்துச்சுன்னு தானா தெரிஞ்சிடும். பதினோரு வருஷம் நான் அப்படித்தான் இந்த ஊரைத் தெரிஞ்சிக்கிட்டேன்."

அந்த ஏழு பக்கத்தை அவள் தூக்கிப் போடவில்லை. அதை அரண்மனைக்காரர்கள் எழுதிவைத்த பொய்யாக்கினாள். அரண்மனைப் புத்தகம், ஒரே ஒரு பக்கத்தில், பெருமழையால் அணை உடைந்தது என்று சொல்லும். உண்மையில் மதகை யாரோ திறந்துவிட்டார்கள். மேலத் தெருவைக் காப்பாற்றக் கீழத் தெருவை மூழ்கடித்தார்கள். யார் திறந்தது, யார் சொல்லித் திறந்தது என்பதை எந்தக் கடிதமும் நேராகச் சொல்லாது. நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். அவற்றைக் கோத்துப் பார்க்கிறவனுக்கு மட்டும் புரியும்.

அவளுடைய சட்டங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். டிவியிலிருந்து பத்தடி தள்ளி சோபாவில் கிடக்கிறவன் படிக்க வேண்டும், அதனால் பெரிய எழுத்து, அறுபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது, அடுத்த பக்கம் என்ற பேச்சே கிடையாது. முதல் வரியிலேயே யாராவது யார்மேலாவது கோபப்பட வேண்டும், அல்லது எதையாவது கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை எழுதுகிறவர் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. வாயில் நுழையாத புதுப் பெயர் ஒன்றுக்கு மேல் வரக் கூடாது. ஆடுகிறவன் எந்த வீட்டுக்குள் முதலில் நுழைவான் என்று தெரியாது, ஆகவே எதை முதலில் எடுத்தாலும் அது தனியாக நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்குப் பதிலாகவோ கேள்வியாகவோ இருக்க வேண்டும்.

கடிதத்தில் வருகிற ஏதாவது ஒரு சாமான் அந்த அறையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இதற்காகத் தச்சன் உயிரை எடுப்பாள். "தம்பி, சலவைக்கடையில போர்வை அடுக்கி வைக்கணும்."

"வெச்சிருக்கேனேக்கா, பத்து."

"நாப்பது வேணும்."

"நாப்பதா? எண்ணிப் பார்க்கவா போறாங்க?"

"நீ வை. ஒருத்தன் எண்ணுவான்."

அந்தச் சலவைக்கடைக் கடிதத்தை எழுதிய அன்று என் மேஜைக்கு வந்து, நான் படிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்:

'மேல்வீட்டு அம்மாவுக்கு. இந்த வாரம் நாற்பது போர்வை கூடுதலாக வந்திருக்கிறது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கீழத் தெருவிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் மேலே ஏறி வந்தால் சோப்புக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. வியாழக்கிழமைக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். அதற்குமேல் நனைந்தால் நான் பொறுப்பில்லை.'

வெள்ளம் வந்தது ஒரு வியாழக்கிழமை. அது வேறொரு வீட்டில், நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே கிடக்கும் சீட்டில் இருக்கிறது. அதாவது, பெரிய வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தங்கள் ஆட்களை மட்டும் மேலே வரவழைத்துவிட்டார்கள். இந்தப் பொம்பளை சோப்புக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. "அக்கா, கொன்னுட்டீங்க" என்றேன்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மீட்டர்" என்றாள். "தண்ணி ஆபீசுல நான் பதிவு பண்ணின ஒரு கடுதாசியக்கூட மேல இருந்த ஆள் படிச்சதில்ல. முடிந்ததுன்னு முத்திரை குத்திடுவான். இங்கயாவது யாரோ ஒருத்தர் எல்லாத்தையும் படிச்சு, மதகைத் திறந்தது யாருன்னு கண்டுபிடிக்கணும். ஒருத்தர் போதும்."

நான்கு வருஷம் எழுதினாள். அவள் இருந்தது தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில். அக்காவுக்கு அதே வீட்டு முன்னறையில் தையல் கடை. "ஏண்டி, இல்லாத ஊருல செத்துப்போனவங்களுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு எழுதுறியே, கூடப் பொறந்த அண்ணனுக்கு ஒரு வரி எழுத வலிக்குதா?" என்று அந்த அம்மாள் திட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். கடுதாசி சிரித்துக்கொண்டே, "அவன் செத்தா எழுதுறேன்" என்பாள்.

வெளியீட்டுக்கு ஏழு மாதம் இருக்கும்போது இருபத்துநாலு பேரிடம் ஆடக் கொடுத்துப் பார்த்தோம். அவரவர் வீட்டிலிருந்தே ஆடினார்கள், எங்களுக்கு எண்கள் மட்டும் வரும். எங்கே செத்தார்கள், எங்கே திரும்பிப் போனார்கள், ஒரு கடிதத்தை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தார்கள் என்று எல்லாவற்றையும் அளக்கிற கருவியை எழுதியது நான்தான். கடிதத்தை எடுத்தால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். மூடினால் நேரம் பதிவாகும். சின்ன வேலை, அரை நாளில் முடித்தேன்.

முடிவு வந்தது. சராசரி இரண்டு விநாடி.

டைரக்டர் அதைச் சுவரில் போட்டுக் காட்டினார். அவர் கெட்டவரில்லை. பணம் போடுகிற கம்பெனி கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கடிதங்களை எட்டு மொழியில் பெயர்க்க வேண்டும், ஒவ்வொரு மொழியிலும் சோதிக்க வேண்டும். "ரெண்டு செகண்ட்ல அறுபது வார்த்தை படிக்க முடியுமாம்மா? திறக்கறான், மூடறான், போறான். யாரும் படிக்கல."

அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சார், கடுதாசி கிடக்கற வீட்டுல பாதியில நாய் வருது. படிக்கும்போது ஆட்டம் நிக்கறதும் இல்ல. நாய் கடிக்க வரும்போது நின்னு யாரு படிப்பா? எடுத்துப் பையில போட்டுக்கிட்டு ஓடுவாங்க. அப்புறமா பத்திரமான இடத்துல எடுத்துப் படிப்பாங்க. யாருமே கடுதாசிய வாசல்ல நின்னு படிக்கறதில்ல சார்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எடுத்த கடிதம் ஆடுகிறவனின் பைக்குப் போய்விடும், அந்தப் பையைத் திறந்து படிப்பது திரையில் வேறொரு ஜன்னல். அதை எழுதியவன் எனக்கு முன்னால் இங்கே இருந்து, வேலையை விட்டுப் போன ஆள். என் கருவி அந்த ஜன்னலையும் அளக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னேன்: "அப்புறம்ங்கறதெல்லாம் நம்ம ஆசைக்கா. பையில படிச்சிருந்தா நம்பர்ல வந்திருக்கும். நம்பர் பொய் சொல்லாது."

அவள் அதோடு வாதத்தை விட்டுவிட்டாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள், பாவி. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

நூற்றுப் பன்னிரண்டைப் பதினாலாக்கச் சொன்னார்கள். எந்தப் பதினாலு என்பதை அவளையே எடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்துத் தரையில் பரப்பி, முழங்காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதை எடுத்தாலும் இன்னொன்று அறுந்தது. தச்சன் போய், "அக்கா, சலவைக்கடை மட்டும் இருக்கட்டுமே" என்றான். "கடிகாரம் இல்லாம அது வெறும் சோப்புச் சண்டைடா" என்று அவளே அதை எடுத்துக் கழித்தவற்றோடு போட்டாள். மேஜைகள் காலியாயின. அவற்றை எடுத்துவிட நேரமில்லை என்று தச்சன் அப்படியே விட்டுவிட்டான்.

அதோடு நின்றதா? ஆடுகிறவர்களுக்கு வரலாறு தெரிய வேண்டுமே என்று மெனுவில் ஒரு தகவல் பட்டியல் வேண்டும் என்றார்கள். பழைய ஏழு பக்கம் திரும்பி வந்தது. 'முதலாம் யுகத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் பெருமழையால் அணை உடைந்தது.' தான் பொய் என்று வைத்திருந்ததை உண்மை என்று தன் கையாலேயே திருத்திச் சுத்தமாக எழுதிக் கொடுத்தாள். பிழை ஒன்றுகூட இல்லை. அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேம் வெளிவந்தது. சுமாராக விற்றது. நாங்கள் அடுத்த கேமுக்குப் போய்விட்டோம், கார்ப் பந்தயம், அதில் படிக்க ஒரு எழுத்தும் கிடையாது. நாலு மாதம் கழித்து ஒரு ரசிகரின் கடிதம் புகார்ப் பெட்டிக்கு வந்து, அது என்னிடம் தள்ளிவிடப்பட்டது.

'கயிற்றுக்கடையில் கிடைத்த கடிதத்தில், நீ கேட்டதற்குப் பதில், ஆமாம், மதகுக்கயிறு நான்தான் விற்றேன் என்று இருக்கிறது. கேட்டது யார்? அந்தக் கடிதம் எங்கே? பன்னிரண்டு நாளாக எல்லா வீட்டிலும் தேடிவிட்டேன். சலவைக்கடையில் போர்வை நாற்பது இருக்கிறது, எண்ணினேன். இவ்வளவு போர்வை ஏன்? அங்கே மேஜை ஏன் காலியாக இருக்கிறது? நான் எதைத் தவறவிட்டேன்?'

ஒருத்தன் எண்ணுவான் என்று அவள் சொன்னது காதில் கேட்டது. அன்று சாயங்காலமே என் கருவியைத் திறந்து பார்த்தேன். பை ஜன்னல் அதில் இல்லை. இல்லவே இல்லை. அட முட்டாளே, அட மடையா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கேம் நடுவில் நின்றுபோனால் காரணம் கண்டுபிடிப்பதற்காக, சோதனைக்கு ஆடியவர்கள் அழுத்திய பொத்தான்களையெல்லாம் அப்போது பதிவு செய்திருந்தோம். பழைய பதிப்பில் அந்தப் பதிவை ஓட்டினால் அவர்கள் ஆடியது அப்படியே திரும்ப நடக்கும். இருபத்துநாலில் ஆறு பேருடையதுதான் அழியாமல் இருந்தது. ஓட்டினேன். முதல் ஆள் சலவைக்கடையில் கடிதத்தை எடுக்கிறான், நாய் வருகிறது, மூடுகிறான், ஓடுகிறான். ஒரு மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிகிறான். பையைத் திறக்கிறான். முப்பத்திரண்டு விநாடி அசையாமல் நிற்கிறான். பிறகு மூடிவிட்டு, மறுபடியும் நாய் இருக்கிற அந்தச் சலவைக்கடைக்கே போய், போர்வைகளுக்கு முன்னால் நிற்கிறான்.

ஆறு பேரும் படித்திருந்தார்கள்.

டைரக்டரிடம் ஓடினேன். கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் முழுவதும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப என்னய்யா செய்ய முடியும்? மொழிபெயர்க்கறவங்க கணக்கு முடிஞ்சுது. அந்தக் கேமுக்கு இனிமே திருத்தம் கிடையாதுன்னு கம்பெனி எழுதியே கொடுத்துட்டாங்க. நீ அப்பவே பாத்திருக்கணும்." சரிதானே? நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, திரும்ப வேலைக்குக் கூப்பிட வந்தியா?"

"இல்லக்கா."

"அப்ப சுருக்கா பேசிட்டுக் கிளம்பு. இப்பதான் நாலு வாய் ஒழுங்கா சாப்பிடறா."

கடுதாசி பின்னறையில் வாஷிங் மெஷினுக்கான கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். 'கதவு மூடியிருப்பதை உறுதி செய்யவும்.' என்னைப் பார்த்ததும், "வா மீட்டர், இதையும் எவனும் படிக்க மாட்டான், ஆனா இதுல எனக்குக் கவலையில்ல" என்று சிரித்தாள்.

நான் செய்த தப்பை ஒன்றுவிடாமல் சொன்னேன். பதிவை ஓட்டிக் காட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டுக்குக் கீழே அந்த ஆள் அசையாமல் நின்றபோது அவள் உதடு மெதுவாக அசைந்தது. கூடவே படிக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. 'நனைந்தால் நான் பொறுப்பில்லை' என்று அவள் முடிக்கவும் திரையில் பை மூடவும் சரியாக இருந்தது.

"முழுசா படிச்சிருக்கான்" என்றாள்.

"ஆமாக்கா."

"மதகைத் திறந்தது யாருன்னு இவங்கள்ல யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?"

அதையும் பார்த்து வைத்திருந்தேன். ஆறில் ஒரு பெண். கடைசிக் கடிதத்தைப் படித்ததும் அணைக்கட்டுக்குப் போகாமல், வந்த வழியெல்லாம் திரும்பி நடந்து, மேலத் தெருப் பெரிய வீட்டுக்குள் போய், கூடத்தில் மாட்டியிருந்த வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் நின்றாள். அங்கே செய்ய எதுவுமே கிடையாது. பொத்தானும் இல்லை, பரிசும் இல்லை. சும்மா நின்று அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஓட்டிக் காட்டினேன்.

கடுதாசி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நான் பல்லைக் காட்டினேன். எனக்கெல்லாம் எப்போதுதான் புத்தி வருமோ.

"ஏன்டா வந்து சொன்ன?" என்றாள். "யாரும் படிக்கலைன்னு நெனச்சு ஒரு வழியா மனசத் தேத்தி வெச்சிருந்தேன். நம்ம எழுத்து அவ்வளவுதான்னு விட்டுட்டேன். இப்ப என்ன செய்வேன் நான்? படிச்சிருக்காங்களே. நல்லாத்தான் எழுதியிருக்கேனே. அதை என் கையாலயே எடுத்துப் போட்டேனே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முன்னறையில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. கடுதாசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ரசிகரின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். போர்வையை எண்ணியதாக எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு என்ன பதில் போட்ட?"

"இன்னும் போடலக்கா. நீங்க அந்த நூத்துப் பன்னெண்டையும் அனுப்பச் சொன்னா…"

"அது கம்பெனி சொத்து. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன், நீயும் போட்டிருக்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பன்னெண்டு நாளா தேடறான், பாவம். இன்னும் தேட விடக் கூடாது."

தட்டினாள். 'அந்தக் கடிதம் இந்த விளையாட்டில் இல்லை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. தேட வேண்டாம்.' சொற்களை விரல் விட்டு எண்ணினாள், பழைய பழக்கம்.

"அனுப்பு" என்றாள். அனுப்பினேன். அவள் திரும்பி, கதவு மூடியிருப்பதை உறுதி செய்யவும் என்பதற்கு அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.